லூதியானாக்காரனிடம் பொங்கலைச் சொல்வது

ஜனவரி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கும், லூதியானாவிலிருந்து வந்து அதே ஊரில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவனுக்கும் டேட்டிங் செயலியில் மேட்ச் ஆகி, பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் திண்டாடுவதை அவள் சொல்கிறாள். அவன் கேட்கிறான்: "ஆபீஸ்ல இருக்கிற தமிழ்க்காரங்க எல்லாரும் பொங்கல் பொங்கல்னு லீவு கேக்கிறாங்க. அப்படி என்னதான் பண்ணுவீங்க?"

நம்மில் பலருக்கு இந்த இடத்தில் கை தானாகவே ஒரு கட்டுரையைத் தட்டிவிடும். பொங்கல் தமிழர்களின் அறுவடைத் திருநாள், போகி, தைப்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என நான்கு நாள் கொண்டாடப்படுகிறது, சூரியனுக்கு நன்றி சொல்லும் விழா என்று ஐந்தாம் வகுப்பில் எழுதியது அப்படியே வந்து நிற்கும். அதில் ஒரு வரியும் தப்பில்லை. ஆனாலும் பதிலுக்கு "ஓ, சூப்பர்" என்று ஒரு சொல்லும் ஒரு பொம்மையும் வரும்; அடுத்த கேள்வி வராது. அவன் கேட்டது அவளைப் பற்றி. அவளுக்குக் கிடைத்ததோ, யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய பதில். அந்த நான்கு நாள் பட்டியலை அவன் தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். அவள் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பது எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஆகவே அவள் இப்படிச் சொல்லலாம்: "எங்க வீட்ல அம்மா விடியக்காலைல வாசல்ல பெரிய கோலம் போட்டு, மூணு செங்கல் வெச்சு, வெங்கலப் பானைல பொங்கல் வைப்பாங்க. பானை கழுத்துல மஞ்சள் செடியக் கட்டியிருக்கும். பால் பொங்கி வெளியே வழியணும். வழிஞ்ச உடனே எல்லாரும் சேந்து 'பொங்கலோ பொங்கல்'னு கத்தணும். வீட்லயே சத்தமாக் கத்துறது நான்தான்."

இதற்கு வரும் பதிலைப் பாருங்கள். "பால் வழிஞ்சா எங்க அம்மா திட்டுவாங்க. உங்க வீட்ல வேணும்னே வழிய விடுவீங்களா?" இதுதான் உண்மையான கேள்வி. அவள் சொன்னதிலிருந்து அவனே பிடித்த நூல் இது. இப்போது அவள் சொல்லலாம்: புது நெல்லு வீட்டுக்கு வந்த கையோடு முதல் அரிசியை உலையில் போடுகிறோம், காவிரிப் பக்கம் ஆடி, ஆவணியில் விட்ட சம்பா, தை பிறக்கும்போது கதிர் முற்றி அறுப்புக்கு வந்திருக்கும், அரிசி போடும் முன்பே பானை நிறைந்து வழிந்தால் அந்த வருஷம் வீடும் அப்படியே நிறைந்திருக்கும் என்ற ஆசை. இத்தனையும் அவள் முதல் பதிலிலேயே சொல்லியிருந்தால் பாடம். அவன் கேட்ட பிறகு சொன்னால் பேச்சு.

இன்னொன்று, அவள் "எங்க வீட்ல" என்று ஆரம்பித்தது. பண்டிகை பற்றிப் பேசும்போது இதைவிட உதவியான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. "தமிழர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று சொன்ன மாத்திரத்தில் நாம் ஒரு இனத்துக்கே பேச்சாளர் ஆகிவிடுகிறோம். கூடவே, சொன்னது பொய்யாகவும் ஆகிவிடுகிறது. கொங்குப் பக்கம் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு நிலையிலும் தோட்டத்திலும் செருகுவார்கள். காப்புக் கட்டுவது என்று அதற்குப் பெயர். அது இல்லாமல் அவர்களுக்குப் பொங்கலே இல்லை. மற்ற பல ஊர்களில் கேட்டால் அப்படி ஒன்று உண்டா என்பார்கள். சில வீடுகளில் புது மண்பானைதான் வைக்க வேண்டும். சில வீடுகளில் பாட்டி காலத்து வெங்கலப் பானை. பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்துப் பானை ஏற்றும் வீடும் உண்டு, சூரியன் எழுந்தால் போதும் என்கிற வீடும் உண்டு. மாதா கோயில் வளாகத்தில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அந்த லூதியானாக்காரன் நாளைக்கே அலுவலகத்தில் வேறொரு தமிழரிடம் "வாசலில் செங்கல் வைப்பீர்களாமே" என்று கேட்பான். "நாங்கள் குக்கரில் வைக்கிறோம்" என்று அவர் சொன்னாலும், அவள் சொன்னது பொய்யாகாது. அவள் தன் வீட்டைத்தானே சொன்னாள்.

பேச்சு எந்த இடத்தில் உபதேசமாகத் திரும்புகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் அது காரணம் சொல்லும் இடம். வழக்கத்தைச் சொன்னதோடு நிற்காமல், அதற்குப் பின்னால் பெரிய அறிவியல் இருக்கிறது என்று நிரூபிக்க நமக்கு ஒரு தவிப்பு. கேட்பவர் நம்மைக் குறைவாக நினைத்துவிடுவாரோ என்ற பயம்தான் அதற்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தத் தவிப்பில் சொல்லும் காரணங்கள் பாதி வழியில் உடைந்துபோகின்றன.

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். "எறும்புக்கும் குருவிக்கும் சாப்பாடு போடத்தான் எங்கள் முன்னோர்கள் அரிசி மாவில் கோலம் போட்டார்கள்" என்று அவள் சொல்கிறாள். அழகான பேச்சு. பச்சரிசி மாவில் போட்டால் எறும்பு வருவதும் உண்மை. ஆனால் அவள் தன் குடியிருப்பு வாசலில் போடுவது கடையில் பாக்கெட்டில் வாங்கிய கோலப்பொடி. அது பெரும்பாலும் வெள்ளைக் கல்லை அரைத்த பொடி; எறும்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அவன் ஒருநாள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக் கேட்டால் சங்கடம். "பாட்டி அரிசி மாவுல போடுவாங்க, எறும்பு வந்து இழுத்துக்கிட்டுப் போகும். நான் கல்லுப் பொடிலதான் போடுறேன், கோடு சீரா வரும். புள்ளி வெச்சுச் சுத்தி இழுத்து, கடைசியில தொடங்கின இடத்துலயே வந்து சேரும்போது ஒரு சந்தோஷம்" என்று சொன்னால் போதும். உடையக்கூடிய எதுவும் அதில் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சூரியனில் இருக்கிறது. "தை முதல் நாள்தான் சூரியன் வடக்கே திரும்புகிறது, உத்தராயணம் ஆரம்பம்" என்று நாம் சொல்லுவோம். வானவியலில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவன் என்றால் உடனே கேட்பான்: "அது டிசம்பர் 21, 22ல இல்ல நடக்குது?" அவன் சொல்வது சரி. வடகோளத்தின் மிகக் குறைந்த பகல் அன்றுதான். அதற்கு அடுத்த நாளிலிருந்தே சூரியன் வடக்கே நகரத் தொடங்கிவிடுகிறது. நம் பஞ்சாங்கக் கணக்கு வேறு. வானத்து நட்சத்திரங்களைப் பின்புலமாக வைத்து, சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தை அது பார்க்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. பூமியின் அச்சு, சுற்றும் பம்பரத்தின் தலை ஆடுவதுபோல மிக மெதுவாக ஆடுவதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிக்கொண்டே வந்து, இன்றைக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி விழுந்துவிட்டது. பொங்கல் ஜனவரி 14, 15 என்று நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இது தெரிந்திருந்தால் அவள் தற்காத்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. "ஆமா, ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, நாங்க பழைய கணக்கை விடல" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கலாம். தெரியாவிட்டாலும் குறைவில்லை. "எனக்குத் தெரியல, அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால், மறுநாள் பேச ஒரு விஷயம் மிச்சமிருக்கும்.

இதே கணக்கு அவன் வீட்டுக்கும் பொருந்தும். பஞ்சாபில் லோஹ்ரி ஜனவரி 13 இரவு. மறுநாள் மாகி, அதாவது மாக மாதத்தின் முதல் நாள். நம் போகியும் அவர்கள் லோஹ்ரியும் பல ஆண்டுகளில் ஒரே தேதியில் விழும். இரண்டிலும் நெருப்பு உண்டு. உடனே நமக்கு, "ஓ, லோஹ்ரின்னா உங்க ஊர்ப் போகி!" என்று சொல்லத் தோன்றும். அதைச் சொன்னதும் அவன் பேச ஒன்றுமில்லாமல் போகிறது. அவனுடைய பண்டிகையை நம் பண்டிகையின் மொழிபெயர்ப்பாக ஆக்கிவிட்டோம்.

நிதானமாகக் கேட்டால் இரண்டும் எவ்வளவு வேறு என்பது தெரியவரும். போகி விடியற்காலையில்; பழைய பாயும் துடைப்பமும் எரியும்; வீட்டைக் கழித்துச் சுத்தம் செய்வதன் கடைசிப் படி அது. லோஹ்ரி இருட்டிய பிறகு. தெருவார் எல்லாரும் நெருப்பைச் சுற்றி நின்று, எள், வேர்க்கடலை, சோளப்பொரி, ரேவ்டி என்கிற எள் மிட்டாய் எல்லாவற்றையும் நெருப்புக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுத் தாங்களும் தின்பார்கள். அக்பர் காலத்தில் முகலாய அதிகாரத்தை எதிர்த்த துல்லா பட்டியின் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். ஏழைப் பெண்களைக் காப்பாற்றிக் கல்யாணம் செய்துவைத்தவர் என்று அவர்கள் கதை சொல்கிறது. அந்த வருஷம் மருமகள் வந்த வீட்டிலும் குழந்தை பிறந்த வீட்டிலும் முதல் லோஹ்ரி மிகப் பெரிதாக நடக்கும். இதை அவன் சொல்லும்போது அவளுக்குத் தலைப்பொங்கல் ஞாபகத்துக்கு வரும். அப்போது சொல்லலாம், "எங்க அக்காவுக்கும் கல்யாணமான வருஷம் இப்படித்தான், அம்மா வீட்டுலேருந்து பானை, அரிசி, வெல்லம், கரும்பெல்லாம் சீரா போச்சு" என்று. ஒற்றுமையை அவன் சொல்லி முடித்த பிறகு பார்த்தால் அது இருவருக்கும் சொந்தம்.

சீர் என்றதும் "அது வரதட்சணை மாதிரியா?" என்று அவன் கேட்கலாம். அப்படி ஒரு கேள்வி வரும்போது குரல் உயர்வது இயல்பு. உள்ளதைச் சொல்வதே நல்லது: மகளை மறக்கவில்லை என்று காட்டப் பிறந்த வீடு அனுப்புவது, பல வீடுகளில் அது அன்புதான், சில வீடுகளில் எவ்வளவு வந்தது என்று எண்ணிப் பார்த்து மனம் நோகச் செய்வதும் நடக்கிறது. போகிப் புகையும் அப்படித்தான். பிளாஸ்டிக்கும் டயரும் எரித்துச் சென்னையே மூச்சுத்திணறிய காலைகள் உண்டு. குறையை நாமே சொல்லும்போது, நம் பெருமையைச் சொல்லும் மற்ற வார்த்தைகளுக்கும் எடை கூடுகிறது.

மதுரைப் பெண் என்றால் ஒரு கேள்வி தப்பவே தப்பாது: ஜல்லிக்கட்டு. தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்து பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர். "மாட்டைக் கொடுமைப்படுத்துறது இல்லையா?" என்று அவன் கேட்கிறான். வம்புக்குக் கேட்கவில்லை; எங்கோ பார்த்த காணொளி அவன் மனதில் இருக்கிறது. இங்கே இரண்டு விதமாகப் பேச்சு கெடும். ஒன்று, இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையை அவன் தலையில் கொட்டுவது. இன்னொன்று, அவனுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக "எனக்கும் அது பிடிக்காது" என்று தன் ஊரைக் கைவிடுவது.

நடந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னாலே பாதி வேலை முடியும். உச்ச நீதிமன்றம் 2014ல் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்டம் எப்படி என்பதையும் சொல்லலாம்: வாடிவாசலிலிருந்து காளையை ஒவ்வொன்றாக விடுவார்கள், வீரர் திமிலை மட்டும்தான் அணைக்க வேண்டும், வாலைப் பிடிப்பதும் கொம்பைப் பிடிப்பதும் விதிப்படி தப்பு. ஸ்பெயினில் நடப்பதுபோல் காளையைக் கொல்லும் விளையாட்டு இல்லை. அதன் பிறகு அவள் தன் மனதில் இருப்பதைத் தன் கருத்தாகவே சொல்லட்டும்: "எங்க சித்தப்பா காளை வளர்க்கிறார், அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்குவார். ஆனா வருஷா வருஷம் ஆளுக்குக் காயம் படுது, உயிரும் போகுது, அதை நினைச்சா எனக்கும் பயம்தான்." இவ்வளவு சொன்ன பிறகும் அவன் உடன்படாமல் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே பேச்சில் ஒருவரைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று கிளம்பினால்தான் குரல் மேடைக் குரலாகிவிடுகிறது.

இனி, டிக்கெட் கிடைக்கவே இல்லை, பெங்களூரிலேயே பொங்கல் வைக்கப்போகிறாள், அவனையும் கூப்பிடுகிறாள். பேசிப் புரியவைக்க முடியாத பலவற்றை இந்தக் காலைப் பொழுது புரியவைக்கும். ஆனால் வருமுன் அவனுக்குச் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும், வாசலில் நிறுத்தி அறிவிப்பதைவிட முதல் நாளே ஒரு செய்தியாக அனுப்புவது மரியாதை. செருப்பைக் கழற்றிவிட்டு வரணும். சூரியனுக்குப் படைக்கும்வரை யாரும் ருசி பார்க்க மாட்டோம், அதனால் காபி குடித்துவிட்டு வா. காலைச் சாப்பாடு சைவம். கும்பிடுவதும் கும்பிடாததும் உன் விருப்பம், பக்கத்தில் நின்றால் போதும். கடைசி வாக்கியம் முக்கியம். பிற வழிபாடுகளில் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் கை பிசைந்து நிற்பது விருந்தாளிக்குப் பெரிய அவஸ்தை.

வந்தவனைச் சோபாவில் உட்காரவைத்து ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் சொல்வதைவிட, ஒரு வேலையைக் கொடுக்கலாம். பானையைப் பார்த்துக்கொள்வது நல்ல வேலை. மாடி வீட்டில் கேஸ் அடுப்புதான். இண்டக்‌ஷன் அடுப்பில் வெங்கலமும் மண்ணும் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதற்குச் சரிப்படும். பாலும் தண்ணீருமாகக் கழுத்து வரை ஊற்றி, தீயை முழுதாக வைக்க வேண்டும், இல்லையென்றால் நுரை மேலே வந்து அடங்கிவிடும். வழியும்போது அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து உடனே மூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவனாக இருக்கட்டும். நுரை எழும்பி விளிம்பைத் தொடும் நேரத்தில் அவன் கண்ணை எடுக்க மாட்டான். வழிந்ததும், யாரும் சொல்லாமலே அவனும் கத்துவான்.

பிறகு கொஞ்சம் பாலை மொண்டு தனியே வைத்துவிட்டு அரிசியைப் போடலாம். ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு. வெல்லம் ஒன்றரை டம்ளர், இனிப்புக்காரர்கள் இரண்டு. "வெல்லத்தை இப்பவே போட்டுடலாமா?" என்று அவன் கேட்பான். கூடாது. அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் அரிசி நறுக்கென்று நின்றுவிடும், வேக வெகு நேரமாகும். பால் திரியவும் வாய்ப்புண்டு. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மண்ணும் தூசியும் போகும். நெய்யில் முந்திரி, திராட்சை, கடைசியில் ஏலக்காய். அவன் கரண்டியைப் பிடித்துக் கிளறும் அந்தக் கால் மணி நேரத்தில், செயலியில் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்பான். கரும்பு எதற்கு, மஞ்சள் செடி எதற்கு, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா எள்ளும் வெல்லமும் கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாரே, அது என்ன. தெரிந்ததற்கு ஒரு வரி, தெரியாததற்கு அம்மாவுக்கு ஒரு போன்.

அவனிடம் அவள் கேட்டு வாங்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கரும்புச் சாறில் அரிசி வேகவைத்துச் செய்யும் ஒரு கீர் பஞ்சாபில் உண்டு. லோஹ்ரி இரவில் வைத்து, ஆறவிட்டு, மறுநாள் மாகியன்று காலையில் தயிரோடு சாப்பிடுவார்கள்; போன மாதத்தில் சமைத்து இந்த மாதத்தில் சாப்பிடுவது என்று அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெல்லமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். தெருமுனைக் கரும்புச் சாறு வண்டியில் எலுமிச்சையும் இஞ்சியும் ஐஸும் போடாமல் ஒன்றரை லிட்டர் பிழியச் சொல்லி வாங்க வேண்டும். கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருந்தால் சாறு தெளியும். பிறகு ஊறவைத்த அரிசி ஒரு கைப்பிடி போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும். இனிப்பில் அரிசி வேக நேரமாகும் என்று பொங்கல் பானையில் பார்த்த அதே சங்கதிதான் இங்கேயும். அவர்கள் அவசரப்படாமல் இரவு முழுக்கக் கையில் வைத்திருக்கிறார்கள். 13ஆம் தேதி இரவு அவன் சமையலறையில் அது அடுப்பேறினால், மறுநாள் காலை பொங்கலுக்கு வரும்போது ஒரு தூக்கில் கொண்டுவந்துவிடலாம். தயிரை அவள் வாங்கிவைத்தால் போதும்.